பேசும்போது போனையே பார்க்கும் நண்பரிடம் எப்படிச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு உட்காரும்போது வருகிற ஒரே சங்கடத்தைப் பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இது நண்பர்களுக்கு மட்டும். கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு.

பேசிட்டிருக்கும்போது ஃப்ரெண்டு போனை எடுக்கிறான். இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?

எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெரிதுபண்ண வேண்டியதில்லை. பார்த்து முடித்தபின் அவர் எங்கே திரும்பி வருகிறார் என்று கவனியுங்கள். மணி பார்த்துவிட்டு, "ம், அப்புறம் வீட்டு ஓனர் என்ன சொன்னாரு?" என்று விட்ட இடத்துக்கே வந்துவிட்டால், நடுவில் இருமியதற்குச் சமம், விட்டுவிடலாம். "என்ன சொன்ன?" என்று கேட்டாலோ, வேறு பேச்சை எடுத்தாலோ, போனில் பார்த்த வீடியோவை உங்கள் பக்கம் திருப்பினாலோ, உங்கள் பேச்சு அறுந்துவிட்டது. ஒரே சந்திப்பில் இப்படி மூன்று நான்கு முறை நடந்தால், சொல்ல வேண்டிய விஷயம்தான்.

அதே சமயம் அளவும் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் உணவகத்தில் சாப்பிட வைத்தார்கள். சிலருக்குப் போன் மேசைமேல் இருந்தது, சிலர் எடுத்து வைத்துவிட்டார்கள். மேசைமேல் வைத்திருந்தவர்களுக்குக் கவனம் கூடுதலாகச் சிதறியது, அந்த நேரத்தை அவர்கள் ரசித்ததும் குறைந்தது. ஆனால் வித்தியாசம் பெரிதல்ல. ஆக, உங்களுக்குத் தோன்றுவது வெறும் கற்பனையும் அல்ல, நட்பே முறிந்துவிட்டதற்கான அடையாளமும் அல்ல. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் குரல் தானாகவே தணிந்து வரும்.

அந்த இடத்துலயே சொல்லிடலாமா, வீட்டுக்குப் போய் மெசேஜ் போடலாமா?

இரண்டும் வேண்டாம். அடுத்த முறை சந்திக்கும்போது, உட்கார்ந்த உடனே, காபி வருவதற்கு முன் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் இன்னும் போனை எடுத்திருக்க மாட்டார், நீங்களும் இன்னும் புண்பட்டிருக்க மாட்டீர்கள். தப்பு எதுவும் நடக்காதபோது சொல்வது கோரிக்கையாகத்தான் காதில் விழும்.

நான்காவது முறை அவர் போனை எடுக்கும் கணத்தில் வாயைத் திறந்தால், முதல் மூன்று முறை விழுங்கிய எரிச்சலும் சேர்ந்தே வரும். அவருக்குத் தெரிந்தது இந்த ஒரு முறைதான், உங்களிடம் இருப்பது நான்கு முறைக்கான கோபம். "இதுக்குப் போய் இவ்வளவா?" என்று அவர் விழிப்பது அதனால்தான். இரவு பதினோரு மணிக்குப் போடும் மெசேஜ் இன்னும் மோசம். குரல் இருக்காது, முகம் இருக்காது, எழுத்து மட்டும் அழியாமல் நிற்கும். அவர் அதை மறுநாள் ஆபீஸில் நான்கு முறை படிப்பார். ஒவ்வொரு முறையும் அதன் காரம் கொஞ்சம் கூடும்.

சரி, என்ன சொல்றது? வார்த்தையாவே கொடுங்க.

ஒரே வயது நண்பர் என்றால் இப்படி: "டேய், இன்னைக்கு உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்டா. ஒரு அரை மணி நேரம் ரெண்டு பேரும் போனைப் பைக்குள்ள வெச்சிடலாமா? ஏதாவது கால் வர வேண்டியது இருந்தா சொல்லு, உன்னுது வெளியவே இருக்கட்டும்."

முதல் வாக்கியம் அவர் உங்களுக்குத் தேவை என்கிறது. அரை மணி என்பதால் அதற்கு ஒரு முடிவு தெரிகிறது. "ரெண்டு பேரும்" என்றதும் தண்டனை வாசனை போய்விடுகிறது. கடைசி வாக்கியம்தான் பலரும் மறப்பது: அவருக்கு உண்மையிலேயே காரணம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்ல அது வழிவிடுகிறது. அரை மணிக்கு மேல் கேட்காதீர்கள். இரண்டு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டவர் நாற்பதாவது நிமிடத்தில் திருட்டுத்தனமாகப் பார்ப்பார், பிறகு இருவருக்கும் சங்கடம். மணிக்கணக்கு செயற்கையாகப் பட்டால் "தோசை முடியற வரைக்கும்" என்று வைத்துக்கொள்ளலாம்.

பைக்குள் என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். மேசைமேல் கவிழ்த்து வைத்த போன் அதிரும்போது ஸ்பூனும் சேர்ந்து அதிரும். சட்டைப் பையில் இருந்தால் நெஞ்சில் தெரியும். ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர் போனை உள்ளே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்ப்பார், அது இன்னொரு வேடிக்கை.

நான் சாதாரணமாத்தான் சொன்னேன். அவளுக்கு ஏன் குத்தலா பட்டுச்சு?

பெரும்பாலும் ஓர் எழுத்துதான் காரணம். "போனைப் பார்த்துட்டிருக்க" என்பது நடப்பதைச் சொல்வது. "போனையே பார்த்துட்டிருக்க" என்பது தீர்ப்பு. நடுவில் வந்த அந்த ஏகாரம் "வேறு எதையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை" என்ற முழுக் குற்றச்சாட்டையும் சுமந்துகொண்டு வருகிறது. "எப்பப் பார்த்தாலும்", "வந்ததுல இருந்து", "ஒரு வார்த்தையாவது", "கொஞ்சமாவது" எல்லாம் இதே குடும்பம். இவற்றில் ஒன்று வாயிலிருந்து விழுந்தால் அவள் உங்கள் பேச்சை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வாள்: "எப்பப் பார்த்தாலுமா? போன வாரம் நான் எடுத்தேனா?" அதன்பிறகு நடப்பது வழக்காடு மன்றம்.

இரண்டாவது, "ஏன்". "ஏன் போன் பார்க்கிற?" என்பது இலக்கணத்தில் கேள்வி, காதில் அதட்டல். அதற்கு விளக்கம்தான் பதிலாக வரும், விளக்கம் கேட்கப்பட்டவர் தற்காப்புக்குப் போவார். "ஏதாவது கால் வரணுமா?" என்றால் அவள் "ஆமா", "இல்ல" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். புருவத்தை உயர்த்தினால் இதுவும் குத்தலாகிவிடும்.

மூன்றாவது, திடீர் மரியாதை. "வாடி போடி" என்று பேசுகிறவர் "மேடம் ரொம்ப பிஸியோ?" என்றாலே தமிழ்க் காதுக்கு அது சவுக்கு. "நீ பாரு, பாரு, நான் வெயிட் பண்றேன்" என்பதும் அப்படித்தான். சொல்லில் அனுமதி இருக்கிறது, தொனியில் குற்றப்பத்திரிகை இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஏகாரம் வாக்கியத்தின் கடைசிக்குப் போனால் கெஞ்சலாக மாறிவிடும்: "தோசை வர்ற வரைக்கும் போனை விட்டுடுவோமே." போனின் மேல் ஏறியிருந்ததை எடுத்து "விட்டுடுவோம்" மேல் வைத்தால் போதும்.

"எனக்கு வருத்தமா இருக்கு"ன்னு நம்ம உணர்ச்சியைச் சொல்லணும்னு சொல்றாங்களே?

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் பரப்பிய முறை அது: "நீ இப்படிச் செய்கிறாய்" என்பதற்குப் பதிலாக "எனக்கு இப்படி ஆகிறது" என்று தொடங்குவது. அடிப்படை சரி. ஆனால் நம் பேச்சில் "எனக்கு வருத்தமா இருக்கு" என்பது கனமான வாக்கியம். காபிக் கடையில் அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் பதறிவிடுவார், இல்லையென்றால் சிரித்துவிடுவார். உணர்ச்சிக்குப் பதில் விளைவைச் சொல்லுங்கள்: "எனக்குக் கோர்வை விட்டுப்போகுதுடா", "எங்க நிறுத்தினேன்னு மறந்துடுது". இது உண்மையாகவும் இருக்கும், யாரும் மறுக்கவும் முடியாது.

"நீ என்னை மதிக்கலைன்னு எனக்குத் தோணுது" என்று சொல்லிவிட்டு, உணர்ச்சியைத்தானே சொன்னேன் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் "எனக்கு" இருக்கிறது. ஆனால் சொல்லப்பட்டது அவருடைய குற்றம்.

நான் பாதி வாக்கியத்துல இருக்கேன், அவன் கண்ணு போனுக்குப் போகுது. அந்த நொடியில என்ன பண்ணணும்?

நிறுத்துங்கள். வாக்கியத்தை முடிக்காமல், நடுவிலேயே. பேச்சை வீடியோவில் பதிந்து நொடி நொடியாக ஆராய்ந்த சார்ல்ஸ் குட்வின் 1981-இல் காட்டியது இது: கேட்பவரின் பார்வை தன்மேல் இல்லை என்று கண்டதும் பேசுபவர் சற்று நிற்கிறார், அல்லது தொடங்கியதை விட்டு மீண்டும் தொடங்குகிறார். அந்த இடைவெளியே கேட்பவரின் கண்களைத் திரும்ப அழைக்கிறது. நாம் அறியாமல் தினமும் செய்வதுதான் இது, இப்போது அறிந்து செய்யலாம்.

"நான் வேலையை விட்டுடலாம்னு..." என்று நிறுத்தினால் இரண்டு மூன்று நொடிகளில் பெரும்பாலும் தலை நிமிரும். முடிந்த வாக்கியத்தில் நிறுத்தினால் அவருக்கு அது ஓய்வு. அரை வாக்கியத்தில் நிறுத்தினால்தான் காது உறுத்தும். நிமிர்ந்ததும் "வேலையை விட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்று அதே இடத்திலிருந்து தொடருங்கள். "முடிச்சிட்டியா?" என்று கேட்க வேண்டாம், அந்த மௌனத்துக்கு அப்படிக் கேட்டே விலைச்சீட்டு ஒட்டிவிடுவீர்கள். மௌனத்தின்போது அவருடைய போனை முறைக்காமல் டம்ளரையோ தெருவையோ பாருங்கள். பத்து நொடி ஆகியும் நிமிரவில்லை என்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது, மேலே சொன்ன "ஏதாவது கால் வரணுமா?" அங்கேதான் உதவும்.

நிறுத்தினா, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு"ங்கிறான்.

அவர் பொய் சொல்லவில்லை. சொற்கள் காதில் விழுந்திருக்கும், கேட்டால் கடைசி வாக்கியத்தைத் திருப்பியும் சொல்வார். அதனால் "நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். அவர் தேறிவிட்டால் நீங்கள் தோற்றீர்கள், தேறாவிட்டால் அவர் அவமானப்பட்டார். இரண்டிலும் பேச்சு போயிற்று.

குறை அவர் காதில் இல்லை, உங்கள் வாயில்தான். முகம் தெரியாமல் உங்களால் பேச முடியவில்லை. அதையே சொல்லுங்கள்: "நீ கேட்கிறேன்னு தெரியும்டா. எனக்குத்தான் முகத்தைப் பார்க்காம சொல்ல வரலை. நீ அதை முடிச்சிடு, அப்புறம் சொல்றேன்." கடைசிப் பகுதி முக்கியம். அவர் அனுப்ப வேண்டிய பதிலை அனுப்பி முடிக்க ஒரு நிமிடம் தருகிறீர்கள். பாதியில் போனை வைக்கச் சொன்னால் அந்தப் பாதிப் பதில் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்தில் கை மறுபடி பைக்குப் போகும்.

கிண்டலா சொல்லி முடிச்சிட்டா போதாதா?

ஒரு முறை, இருவர் மட்டும் இருக்கும்போது, நீங்கள் கோபத்தில் இல்லாதபோது சரி. இரண்டாவது முறை அதே ஜோக் ஜோக் அல்ல. கோபத்தோடு செய்யும் கிண்டலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அவர் பதிலுக்குச் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்துபோனதாக அர்த்தம், அதன்பிறகு உங்களால் நேராகக் கேட்க முடியாது.

அவளுக்கு நிஜமாவே வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லேன்னா? போனை வைன்னு எப்படிச் சொல்றது?

வைக்கச் சொல்ல வேண்டாம். ஒரு அழைப்பு மட்டும் வரட்டும், மற்றது அடங்கட்டும் என்று ஏற்பாடு செய்யலாம். அவசரத்துக்காகப் போனைப் பார்க்கப்போய்த்தான் கல்யாண போட்டோவும் ஆஃபர் மெசேஜும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் Do Not Disturb அமைப்புக்குள் அழைப்புகள் பகுதியில், நட்சத்திரமிட்ட எண்களை மட்டும் அனுமதிக்கலாம். அங்கேயே Repeat callers என்றும் ஒன்று இருக்கும். அதே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். ஐபோனில் Focus அமைப்புக்குள் Allow Repeated Calls என்று இருப்பது அதேதான், ஆனால் அதற்கு 3 நிமிடத்துக்குள் கூப்பிட வேண்டும்.

வீட்டில் இருப்பவரிடம் ஒரு வரி சொல்லி வைக்க வேண்டும்: "அவசரம்னா வாட்ஸ்அப்புல கூப்பிடாதீங்க, சாதாரண கால் பண்ணுங்க, எடுக்கலேன்னா உடனே ரெண்டாவது தடவை அடிங்க." இதைச் சொல்லாமல் அமைப்பை மட்டும் மாற்றினால் அவளுக்கு நிம்மதி வராது, எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். தொந்தரவு ஒரே ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்றால் அதை மட்டும் 8 மணி நேரத்துக்கு மியூட் செய்தால் போதும்.

சில காரணங்கள் நேரத்தோடு கட்டுண்டவை. பங்குச் சந்தையில் தினவர்த்தகம் செய்பவரைக் காலை 9.15-க்கும் மதியம் 3.30-க்கும் நடுவில் சந்தித்துவிட்டு, போனைப் பார்க்கிறார் என்று வருந்துவதில் பொருளில்லை. ஆபீஸில் சப்போர்ட் முறை வந்திருக்கும் வாரமும் அப்படித்தான். நாலு மணிக்குப் பாருங்கள், அல்லது அடுத்த வாரம் பாருங்கள்.

ஒரு சந்திப்பு முழுசா எப்படிப் போகும்னு காட்டுங்களேன்.

இரண்டு தோழிகளை எடுத்துக்கொள்வோம். கல்லூரிப் பழக்கம், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி, ஒரு டிபன் கடை. ஒருத்திக்குச் சென்னையை விட்டுக் கோவைக்கு மாறலாமா என்று பேச வேண்டும். மற்றவளுக்கு ஒன்றாம் வகுப்புப் பையன் இருக்கிறான், இப்போது மாமியாரோடு வீட்டில். போன முறை அவள் போன் மேசையிலேயே கிடந்தது.

இலை போட்டதும் முதலாமவள்: "ஏய், கோயம்புத்தூர் போறது பத்தி உன்கிட்ட கேட்கணும்டி. போளி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் போனைப் பையில போட்டுடலாமா? வீட்டுல இருந்து கால் வரும்னா வெளிய வெச்சுக்கோ." மற்றவள் கொஞ்சம் தயங்கி: "இவன் ஸ்கூல் குரூப்புல நாளைக்கு என்னமோ கொண்டுவரச் சொன்னாங்கடி, அதைத்தான் பார்த்துட்டே இருக்கேன்." காரணம் வெளியே வந்துவிட்டது. இங்கே "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது தவறான பதில். வண்ணத்தாள் வாங்கக் கடை எட்டு மணிக்கு மூடும் என்பது அவள் கவலை. சரியான பதில்: "சரி, இப்பவே ஒரு தடவை பார்த்துடு. வேணும்னா போகும்போது வாங்கிட்டுப் போலாம்." அவள் பார்க்கிறாள், "சார்ட் பேப்பர்தானாம்" என்கிறாள், குழுவை மியூட் செய்கிறாள், போன் பைக்குள் போகிறது.

இருபது நிமிடம் நன்றாகப் போகிறது. பிறகு கை தானாகப் பைக்குள் நுழைகிறது. முதலாமவள் "வாடகை இங்க குடுக்கிறதுல பாதி..." என்று நிறுத்துகிறாள். மற்றவள் நிமிர்ந்து, "ஐயோ, பழக்கதோஷம்டி" என்கிறாள். இங்கே "அதான் பார்த்தேனே" என்று ஒரு வார்த்தை விழுந்திருந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். "பாதிதான் ஆகும்டி, ஆனா இவருக்கு வேலை..." என்று அவள் பாட்டுக்குத் தொடர்கிறாள். போளி வந்ததும் முதலாமவளே "இப்ப பாருடி, எதாவது வந்திருக்கும்" என்கிறாள். சொன்ன கெடுவை மதித்து அவளே திறந்துவிட்டதால், அடுத்த முறை கேட்கவே வேண்டியிருக்காது.

நானும்தானே எடுத்துப் பார்க்கிறேன். எந்த முகத்தோட கேட்கிறது?

அந்த முகத்தோடுதான் கேட்க வேண்டும், அதுதான் உங்கள் பலம். பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வு இந்தப் பழக்கம் வட்டமாகச் சுற்றுவதைக் காட்டியது: பிறர் போனைப் பார்த்து நம்மைத் தவிர்க்கும்போது நாமும் அதையே செய்கிறோம், பிறகு எல்லோருக்கும் அது இயல்பாகிவிடுகிறது. உங்கள் இருவரில் யார் முதலில் தொடங்கினார்கள் என்று தேடிப் பயனில்லை. "எனக்கும் இந்த வியாதி இருக்குடா, நீ எடுத்தா எனக்கும் கை அரிக்குது. சேர்ந்து வைப்போமா?" என்றால் குற்றம் சாட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ஃபப்பிங் என்று பெயர். 2012-இல் ஆஸ்திரேலியாவின் மெக்வாரி அகராதிக்கான விளம்பர இயக்கத்தில் உருவாக்கிய சொல். அந்தப் பெயரை நண்பரிடம் எடுத்துவிடாதீர்கள். பெயர் சொன்னாலே அவர் நோயாளி, நீங்கள் டாக்டர்.

நாலஞ்சு பேரு உட்கார்ந்திருக்கோம், ஒருத்தன் மட்டும் போன்ல இருக்கான். எல்லார் முன்னாடியும் சொல்லலாமா?

கூடாது. போனைப் பற்றி எதுவும் சொல்லாமல் பேச்சை அவர் பக்கம் திருப்புங்கள், அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியாக: "நீ அந்த வண்டியை எவ்வளவுக்குடா குடுத்த?" நாலு பேர் பேச்சில் இடம் கிடைக்காமல்தான் பலர் போனுக்குள் போகிறார்கள். எல்லாப் போனையும் நடுவில் அடுக்கி, முதலில் எடுப்பவர் பில் கட்டும் விளையாட்டு, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்றால் மட்டும் சிரிப்பு.

என்னைவிடப் பத்து வயசு பெரியவரு, அண்ணான்னு கூப்பிடறேன். அவர்கிட்ட எப்படி?

அவரிடம் போனைப் பேச்சாக்கவே வேண்டாம். நேரத்தைக் கேளுங்கள்: "அண்ணே, உங்ககிட்ட ஒரு யோசனை கேட்கணும். ஒரு இருபது நிமிஷம் ஃப்ரீயா இருப்பீங்களா, இல்ல வேலை இருக்கா? நான் அப்புறம்கூட வரேன்." இதில் போன் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் இருபது நிமிடம் தருவதாகச் சொன்னவர் பெரும்பாலும் தாமே வைத்துவிடுவார். நடுவில் எடுத்தால், அரை வாக்கியத்தில் நிறுத்தும் முறை இங்கே மரியாதையாகவே அமையும்; அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் காத்திருப்பதாகத்தான் தெரியும்.

ஒருவேளை என் பேச்சுதான் போரடிக்குதோ?

இருக்கலாம், கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. அவள் எப்போது எடுக்கிறாள் என்று ஒரு சந்திப்பில் மட்டும் கவனியுங்கள். அவள் பேசும்போதும், இருவரும் சும்மா இருக்கும்போதும், நீங்கள் பேசும்போதும் ஒரே மாதிரி எடுத்தால் அது பழக்கம். நீங்கள் பேசும்போது மட்டும், அதுவும் ஆபீஸ் கதை தொடங்கி ஏழெட்டு நிமிடம் ஆனபிறகு எடுத்தால், போனிடம் கோபிக்காமல் கதையைச் சுருக்குங்கள். ஒரே குறையை மூன்று சந்திப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா என்றும் யோசியுங்கள். கடினமான விஷயம் பேசும்போது மட்டும் எடுத்தால் காரணம் சலிப்பு இல்லை, சங்கடம். கண்ணை வைக்க ஓர் இடம் தேடுகிறாள். அவளோடு நடந்துகொண்டே பேசிப் பாருங்கள்.

சொன்னேன். கோவிச்சுக்கிட்டான். இப்ப?

சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெறாமல், சொன்ன விதத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள்: "நான் சொன்ன விதம் சரியில்லடா. உன்னோட பேசணும்னு இருந்துச்சு, அதான்." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும்" என்று தொடர்ந்தால் மன்னிப்பு பறந்துவிடும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்று மழுப்பினால் அடுத்த முறை நீங்கள் சொல்வதும் சும்மாதான்.

இரண்டு நாள் விட்டு, வேறு காரணத்துக்காக நீங்களே கூப்பிடுங்கள். போன் பேச்சை எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம் வெளிவரும், கடனோ, வீட்டுச் சண்டையோ, வேலை போகும் பயமோ.

மூணு தடவை நல்லவிதமா சொல்லியாச்சு. ஒண்ணும் மாறலை.

நான்காவது முறை சொல்லாதீர்கள், சந்திக்கும் விதத்தை மாற்றுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து காத்திருக்கும் இடம்தான் போனுக்குத் தோதான இடம். கை வேலையாக இருக்கும் இடத்தில் பாருங்கள்: ஷட்டில் ஆடுவது, மார்க்கெட்டுக்குப் போவது, அவர் வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் உரிப்பது. இரண்டு மணி நேர டின்னரை நாற்பது நிமிட டீயாகச் சுருக்குங்கள். முக்கியமான விஷயத்தைப் போனிலேயே பேசுங்கள். நேரில் கவனம் சிதறும் சிலர் காதில் போனை வைத்தால் நன்றாகவே கேட்கிறார்கள், அப்போது அந்தத் திரை கண்ணுக்கு எதிரே இருப்பதில்லை.

அதன்பிறகும் உங்களுக்கு மனம் ஆறவில்லை என்றால், ஒரு முறை காரணத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வரலாம்: "இன்னைக்கு உனக்கு நிறைய ஓடிட்டிருக்கு போல. நான் கிளம்பறேன், ஃப்ரீயானதும் கூப்பிடு." பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. அவர் கூப்பிட்டால் போங்கள்.